ஒரே தீ, இரண்டு தீர்ப்பு: யாராவது விளக்குங்களேன்

சட்டம் படித்தவர்களிடம் ஒரு சந்தேகம். 1951இல் சிட்னி துறைமுகத்தில் ‘வேகன் மவுண்ட்’ கப்பலிலிருந்து உலை எண்ணெய் கொட்டி நீரில் பரவியது. வெல்டிங் வேலையில் தெறித்த பொறி மிதந்துகொண்டிருந்த பஞ்சுக் கழிவில் பற்ற, கப்பல்துறை எரிந்தது. இப்படித் தீப்பிடிக்கும் என எதிர்பார்த்திருக்க முடியாது என்று 1961இல் லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் துறைக்காரர்களுக்குத் தீச்சேத இழப்பீட்டை மறுத்தது. அதே தீயில் கருகிய கப்பல்களின் உரிமையாளர்களோ 1966இல் ஜெயித்தார்கள்: ஆபத்து சிறிதுதான், ஆனால் ‘வேகன் மவுண்ட்’ கப்பலின் பொறியாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமாம்.

தீ எதிர்பார்க்கக்கூடியதே என்று துறைக்காரர்கள் வாதிட்டிருந்தால், வெல்டிங் செய்த அவர்கள் தலையிலும் பழி விழுந்திருக்கும். அதனால்தான் சாட்சியம் வேறுபட்டது என்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அப்படியானால் ‘எதிர்பார்த்திருக்க முடியுமா’ என்ற அளவுகோல் மாறவில்லையா? அல்லது, தடுப்பது சுலபமாக இருந்தால் சிறு வாய்ப்பே போதும் என்று 1966 தீர்ப்பு அதைத் தளர்த்திவிட்டதா?