தம்மாம் கஸ்டமர்கிட்ட பணம் கேக்கிறது எப்படி (மேலத்தெரு குரூப்)

கார்த்தி: காதர் மாமா இருக்கீங்களா? தம்மாம்ல ஒரு சவூதி கஸ்டமர் போன மாச பில்லுக்கு இன்னும் பணம் போடல. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தொறந்ததும் நான்தான் போன் பண்ணணும், ஸலாம் சொல்லிட்டு நேரா கேட்டுரலாமா?

காதர் மாமா: அவசரப்படாதப்பா. ஸலாம் சொல்லு, கைஃபல் ஹால்னு நலம் கேளு, அவரு அல்ஹம்துலில்லாஹ்னுட்டு உன்னைய திருப்பி கேப்பாரு. அதோட நிக்காது, இஷ் அக்பாரக், இஷ்லோனக்னு அதையேதான் வேற வேற மாதிரி கேப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி நீயும் கேட்டுக்கிட்டே போ. முதுகுவலி கதையெல்லாம் அங்க எடுக்காத

கார்த்தி: நான் ஸலாம் சொல்லலாமா மாமா?

காதர் மாமா: தாராளமா, சந்தோசப்படுவாங்க. கூச்சமா இருந்தா காலை வணக்கத்துக்கு ஸபாஹல் கைர் சொல்லு, ஆனா மதியம் தாண்டிட்டா மஸாவுல் கைர்

முருகேசன் சித்தப்பா: வீட்டுக்காரம்மா நல்லாருக்காங்களான்னும் கேளுடா, நெருக்கம் வரும்

காதர் மாமா: முருகேசா, குடும்பத்த விசாரிக்கிறது சரிதான். ஆனா பொண்டாட்டிய தனியா கேட்டா பல பேருக்கு புடிக்காது. கைஃபல் அவ்லாத்னு பிள்ளைங்கள கேட்டா போதும், அதுவும் கொஞ்சம் பழகின ஆளா இருந்தா

செல்வி அக்கா: எங்க குவைத் ஆஸ்பத்திரில யாரும் இவ்ளோ இழுக்கிறதில்லயே, ஒரு ஸலாம், ப்ளீஸ்னு சொல்ற மாதிரி ஒரு லவ் ஸமஹ்த், அவ்ளோதான் வேலை நடந்துரும்

காதர் மாமா: நீ தினம் பாக்குற ஆளுங்கம்மா. இவன் மாசத்துக்கு ஒருக்கா கூப்பிடுறான், அதுவும் பணத்துக்கு

கார்த்தி: சரி மாமா, எப்ப விஷயத்துக்கு வரணும்னு எப்படி தெரியும்?

காதர் மாமா: அவரே வழி விடுவாரு. விசாரிப்பு ஓஞ்சதும் "ஆமிர்"னு ஒரு வார்த்தை வரும், என்ன வேணும் சொல்லுன்னு கேக்குற மாதிரி. உடனே "மா யஃமுர் அலைக் அதூ", எந்த எதிரியும் உங்களுக்கு கட்டளை போடாம இருக்கட்டும்னு மரியாதையா சொல்லிட்டு, "பகைத் அஸ்அல் அனில் ஃபாத்தூரா", பில்ல பத்தி கேக்கணும்னு இருந்தேன்னு மெதுவா எடு. ஆமிர் வரலன்னா சின்ன அமைதி வரும், அப்ப எடுக்கலாம். அவரு இன்ஷா அல்லாஹ்னு சொன்னதோட வச்சுராத, எந்த நாள்னு தன்மையா கேட்டுக்க. கடைசில யஅதீக்கல் ஆஃபியா, அல்லாஹ் உங்களுக்கு ஆரோக்கியம் தரட்டும்னு சொல்லிட்டு வை

முருகேசன் சித்தப்பா: மெயில்லயும் இம்புட்டு நலம் விசாரிக்கணுமா?

காதர் மாமா: மெயில் வேற. ஸலாம் ஒரு வரி, நல்வாழ்த்து சொல்லி விஷயத்துக்கு வர்ற "தஹிய்யா தய்யிபா வ பஅத்" அடுத்த வரி, அதுக்குக் கீழ நேரா பில் நம்பர்

செல்வி அக்கா: வாட்ஸ்அப்னா எல்லாத்தையும் ஒரே மெசேஜ்ல போட்டுரு கார்த்தி, வெறும் ஸலாம் அனுப்பிட்டு காத்துக்கிட்டு இருந்தா அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்க

காதர் மாமா: எனக்கு அது ஒத்துவராதும்மா, ஸலாமுக்கு பதில் வந்தப்புறம்தான் நான் கேப்பேன்

செல்வி அக்கா: வயசானவங்கன்னா சரி மாமா, இப்ப உள்ள மேனேஜர் பசங்க அப்படி இல்ல

கார்த்தி: இவருக்கு அம்பது இருக்கும்க்கா 🤔