தைரொயிட் சரியாகியும் இதயத்துடிப்பு ஒழுங்குக்கு வரவில்லை, அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் உப்புவெளி. பெரியம்மாவுக்கு 62 வயது. சில வருடங்களாகவே மெலிவு, கைநடுக்கம், படபடப்பு. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கிய பிறகுதான் தைரொயிட் மிக அதிகம் என்று தெரிந்தது. ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு, எக்கோவில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 35%.

தைரொயிட்டுக்குக் கார்பிமசோல், துடிப்பு வேகத்தைக் குறைக்க பைசோப்ரொலோல், நீர்க்குளிசை, இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் எல்லாம் கொடுத்தார்கள். ஓய்வில்லாமல் வேகமாக அடித்துத்தான் இதயத்தசை களைத்திருந்தது, அதனால் வேகமும் தைரொயிட்டும் அடங்க பலம் திரும்பி இப்போது 52%. வீக்கமும் இல்லை. ஆனால் துடிப்பு இன்னும் தாறுமாறுதான். பலருக்குத் தைரொயிட் சரியாகி நான்கு மாதத்துக்குள் அது தானாகவே ஒழுங்காகுமாம், இல்லையென்றால் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் நீண்டகாலம் இருந்து இதயத்தின் மேலறை விரிந்திருந்தால் வாய்ப்புக் குறைவு என்றார் வைத்தியர். பெரியம்மாவுக்கு அந்த நான்கு மாதம் முடியப்போகிறது.

இன்னொன்று, தைரொயிட் இறங்க இறங்க பழைய வார்ஃபரின் அளவு போதாமல், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2க்குக் கீழே போய்விட்டது, அளவைக் கூட்ட வேண்டி வந்தது. இதே மருந்து எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இவ்வளவு தாமதமாகத் துடிப்பு தானாகத் திரும்பியதா? மின் அதிர்ச்சி செய்தவர்களுக்கு அது நிலைத்ததா? திருமலையிலிருந்து அதற்கு எங்கே போனீர்கள்?