பின்னலுக்குள் பூச்செருகல்: காம்பின் மேல் முடி ஓட வைத்த அனுபவம்

ஆல்பம் டிசைனர்: போன மாதம் ஒரு வரவேற்புப் படம் எடிட்டிங்குக்கு வந்தது. பக்கவாட்டுப் படம், தளர்வான மூன்று கால் பின்னல் தோள் வழியாக முன்னால் விழுகிறது. செருகியிருந்த ரோஜாவும் ஜிப்சியும் படம் எடுப்பதற்குள் உதிர்ந்துவிட்டன. "பூ இருக்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றார் மணப்பெண்.

நெட்டில் கிடைத்த பூவை ஃபோட்டோஷாப்பில் வைத்துப் பார்த்தேன், ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. சரி என்று பூக்கடையில் நாலைந்து காம்பு வாங்கி, படத்தில் இருப்பது போலவே இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில், பின்னால் சாம்பல் அட்டை வைத்து எடுத்தேன். பூ பொருந்திவிட்டது. காம்புதான் பொருந்தவில்லை. அதன் மேல் நான் வரைந்த முடிகள், காம்பைக் கறுப்பு நூலால் கட்டியது போலத் தெரிகின்றன. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

மணப்பெண் அலங்காரம் செய்பவர்: அதுக்கு ஏங்க நூல்? பின்னல் போட்ட பிறகு காம்பை இரண்டு விரற்கடை நீளம் விட்டு வெட்டி, கால்கள் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் சாய்வாகக் கீழ்நோக்கிச் செருகி, ஒரு யூ பின் குத்தினால் அசையாது. செருகும்போது நாலு முடி காம்போடு இழுபட்டு மேலே வந்துவிடும், அதை வாரக்கூடாது, அதுதான் அழகு.

ஆல்பம் டிசைனர்: அக்கா, நான் கேட்டது போட்டோவில் செருகுவது பற்றி. ஆனாலும் இழுபட்ட முடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் காம்பைப் பின்னலின் நடுமேட்டில் அல்லவா வைத்திருக்கிறேன்!

ஸ்டுடியோ உதவியாளர்: இவ்வளவு கஷ்டம் எதற்கு? பூ லேயரில் Blend If திறந்து, Underlying Layer கறுப்பு முனையை வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே இருக்கிற முடி தானாக மேலே வரும். ஒரு வெளிநாட்டுப் பெண் படத்தில் ஐந்து நிமிடத்தில் முடித்தேன்.

பழைய ரீடச்சர்: அந்தப் பெண்ணுக்குப் பழுப்பு முடியாக இருந்திருக்கும், இழை இழையாகக் கறுப்பும் வெளுப்பும் பிரிந்திருக்கும். நம் கரு முடியில் அதைச் செய்தால் முடி முழுவதுமே இருட்டு, பூ பாதிக்கு மேல் காணாமல் போகும். வெள்ளை முனையை இடப்பக்கம் நகர்த்தினால் எண்ணெய் மினுக்கு மட்டும் காம்பின் மேல் வரும். ஆல்ட் அழுத்தி முனையைப் பிளந்தால் ஓரம் மென்மையாகும். இரண்டு மூன்று இழைக்கு அது உதவும், அவ்வளவுதான்.

டிசைனர் தம்பி, பிரஷ் எத்தனை பிக்சல்?

ஆல்பம் டிசைனர்: ஆறு.

பழைய ரீடச்சர்: கணக்கு போடுங்கள். பின்னல் அகலம் நிஜத்தில் 5 செ.மீ., படத்தில் 900 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்கு 18 பிக்சல். முடியின் தடிமன் 0.07 மி.மீ. அளவில்தான், அதாவது ஒன்றேகால் பிக்சல். உங்கள் ஆறு பிக்சல் கோடு நூலாகத்தான் தெரியும்.

அதைவிடவும், வரையாதீர்கள். அதே பின்னலில், அதே பக்கம் வெளிச்சம் விழும் ஒரு முடிக்கற்றையை எடுத்து Ctrl+J போட்டுப் பூவுக்கு மேலே வையுங்கள். காம்பு தடித்த பொருள், அதன் மேல் ஏறும் முடி லேசாக வளைந்து இறங்கும், அதனால் Warp-இல் சற்று மேடாக்குங்கள். பிறகு கறுப்பு மாஸ்க் போட்டு, ஒன்றிரண்டு பிக்சல் பிரஷால் வேண்டிய இழைகளை மட்டும் திறவுங்கள். இழையின் இரண்டு நுனியும் பின்னலின் இருட்டுக் குழிக்குள் போய் மறைய வேண்டும். நான் முதலில் செய்த ஒரு படத்தில் இழைகள் காம்பின் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தில் முடிந்தன. பிரிண்டில் பச்சைக் காம்பில் கீறல் விழுந்தது போல இருந்தது, திரும்பி வந்துவிட்டது.

நிழல் இரண்டு வேண்டும். முடி காம்பின் மேல் போடுவது மெல்லியது. காம்பு முடியின் மேல் போடுவது அகலமானது, மங்கலானது. இரண்டும் Multiply-தான். காம்பின் மேல் விழுவதற்குக் கறுப்பு வேண்டாம், காம்பின் இருண்ட பச்சையையே எடுங்கள்.

ஆல்பம் டிசைனர்: செய்துவிட்டேன். ரோஜாக் காம்பை அக்கா சொன்ன மாதிரி கால்கள் தாண்டும் இடத்துக்கு மாற்றியதுமே பாதி வேலை முடிந்தது, மேல் கால் காம்பை மூடிவிட்டது. மிச்சத்துக்கு ஏழு இழை போதுமாக இருந்தது. கழுத்துப் பக்கம் பின்னல் ஃபோக்கஸில் இல்லை, அங்கே வைத்த ஜிப்சிக்கு Gaussian Blur கொஞ்சம் கொடுத்தேன். இதழ் மேலும் இரண்டு இழை விட்டேன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பழைய ரீடச்சர்: இதழ் மேல் நான் விடமாட்டேன். வெள்ளைப் பூவில் தூசி மாதிரி தெரியும்.

மணப்பெண் அலங்காரம் செய்பவர்: நிஜத்தில் விழும், விடலாம்.

ஆல்பம் டிசைனர்: படம் பார்த்துவிட்டு மணப்பெண்ணின் அம்மா போன் செய்தார்: "எல்லாம் நல்லா இருக்கு தம்பி, அந்தப் பூ மேல ரெண்டு முடி கிடக்கு பாருங்க, அதை மட்டும் எடுத்துடுங்க." மணப்பெண் இன்னும் பார்க்கவில்லை. இரண்டு ஃபைலையும் வைத்திருக்கிறேன்.