மைனஸ் 6 பவருக்கு எந்த லென்ஸ்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈரோடு வாசகன்
இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. கணக்கு வேலை, நாள் முழுக்கத் திரை. மாலையில் பைக். போன மாதம் கடையில், உடையாது, மெல்லிசாகவும் இருக்கும் என்று பாலிகார்பனேட் போட்டுக் கொடுத்தார்கள். ஃபிரேம் இப்போது எல்லோரும் போடுகிற பெரிய சதுரம். ஓரம் தடியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதைவிடத் தொல்லை, டியூப் லைட்டின் விளிம்பில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் தெரிகிறது. எக்செல் கட்டங்களின் ஓரத்திலும் அதேதான். யாருக்காவது இப்படி ஆனதா?

மதுரை ராஜா
எனக்கு மைனஸ் 8. 1.74 இண்டெக்ஸ் லென்ஸ் போட்டேன், காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இண்டெக்ஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது ப்ரோ. குறைந்தது 1.67-க்குப் போங்கள், அந்தக் கலரும் போய்விடும்.

தேனி ஆப்டிகல்ஸ் அண்ணன்
ராஜா தம்பி, மெலிவது உண்மை. கலர் போகாது. பாலிகார்பனேட் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரிக்கிற குணம் கொண்டது. அதை அளக்கிற எண்ணில் சாதா பிளாஸ்டிக் 58, பாலிகார்பனேட் 30. எண் குறையக் குறையக் கலர் அதிகம் தெரியும். 1.67-க்கு அது 32தான், பெரிய வித்தியாசம் கிடையாது. 1.60-க்கு 41 பக்கம் வரும்.

ஈரோட்டுத் தம்பி ஒன்று செய்து பாருங்கள். கலர் தெரிகிற டியூப் லைட்டைத் தலையைத் திருப்பி நேராக லென்ஸின் நடுவழியாகப் பாருங்கள். கலர் மறைந்தால் அது மெட்டீரியலின் குணம். நேராகப் பார்த்தும் போகவில்லை என்றால் லென்ஸின் மையம் உங்கள் கண்மணிக்கு நேரே உட்காரவில்லை, கடையில் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஃபிரேமின் காதுக்கம்பி உள்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது? இரண்டு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர்?

ஈரோடு வாசகன்
56, 18 என்று இருக்கிறது. கண்மணித் தூரம் 62. நேராகப் பார்த்தால் கலர் போய்விடுகிறது அண்ணா.

தேனி ஆப்டிகல்ஸ் அண்ணன்
சரி, மையம் சரியாகத்தான் இருக்கிறது. தடிமனைப் பார்ப்போம். லென்ஸ் அகலம் 56-ம் மூக்குமேல் இடைவெளி 18-ம் சேர்ந்தால் 74. உங்கள் கண் 62. அதனால் மையத்தை ஒவ்வொரு பக்கமும் 6 மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். காதுப் பக்க விளிம்பு மையத்திலிருந்து 34 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. மைனஸ் லென்ஸ் வெளியே போகப் போகத் தடிக்கும். இதே ஃபிரேமில் பாலிகார்பனேட் ஏறக்குறைய ஏழேகால் மில்லிமீட்டர், 1.67 போட்டாலும் ஆறரை. 48, 20 அளவில் சின்ன வட்ட ஃபிரேம் எடுத்தால் அந்த 34 என்பது 27 ஆகிறது. அதில் 1.60-ஏ ஐந்து மில்லிமீட்டரில் நிற்கும், கலரும் குறையும். கடையில் லென்ஸ் விலையைத்தான் பேசுவார்கள், ஃபிரேம் அளவைப் பேச மாட்டார்கள். எனக்கு இது ரொம்பக் காலமாக வருத்தம்.

ஆன்ட்டி க்ளேர் கோட்டிங்கை மட்டும் விடாதீர்கள். 1.60 லென்ஸ் கோட்டிங் இல்லாமல் இருந்தால் வெளிச்சத்தில் பத்து சதவீதம் திரும்பிப் போய்விடும். இரவில் பைக்கில் எதிர் ஹெட்லைட் லென்ஸுக்குள்ளேயே இரண்டாவது புள்ளியாகத் தெரிவது அதனால்தான்.

கவிதா அம்மா
அப்படியானால் என் பையனுக்குப் போட்ட பாலிகார்பனேட் தப்பா? எட்டு வயது, மைனஸ் 2, பள்ளியில் கபடி.

தேனி ஆப்டிகல்ஸ் அண்ணன்
தப்பே இல்லை அக்கா. மைனஸ் 2-க்குக் கலர் அவன் கண்ணில் படாது. பந்தோ முழங்கையோ பட்டால் சிதறாது, அதுதான் குழந்தைக்கு வேண்டும். சீக்கிரம் கீறல் விழும், சட்டையில் துடைக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகு துடைக்கட்டும்.

பல்லடம் டிரைவர்
நான் வெயிலில் கறுக்கிற லென்ஸ் போட்டேன். டீக்கடை வாசலில் நின்றால் கறுக்கிறது, வண்டிக்குள் ஏறினால் வெள்ளைதான். எனக்கு வண்டியில்தானே வேண்டும்?

தேனி ஆப்டிகல்ஸ் அண்ணன்
அது புற ஊதாக் கதிர் பட்டால்தான் கறுக்கும். முன்கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெக்கை கூடினாலும் கறுப்பு குறையும், மே மாதம் நம் ஊரில் பாருங்கள், ஊட்டியில் கறுக்கிற அளவுக்குக் கறுக்காது. உங்களுக்குப் பவரோடு தனிக் கூலிங் கிளாஸ்தான். டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் ஆன்ட்டி க்ளேர் சிலந்திவலை மாதிரி வெடிக்கும். வெடித்தால் சரி செய்ய முடியாது.

பல்லடம் டிரைவர்
ஜன்னலைத் திறந்து வைத்தால் எனக்குக் கொஞ்சம் கறுக்கிறதே அண்ணே.

மதுரை ராஜா
எனக்கு 1.74-லும் கலர் தெரியவில்லை அண்ணா. பழகிவிட்டதா, இல்லை எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியாதா?

தேனி ஆப்டிகல்ஸ் அண்ணன்
இரண்டும் நடக்கும் தம்பி. ஒரே பவர், ஒரே லென்ஸ், ஒருத்தர் மறுநாளே திருப்பிக் கொண்டு வருவார், இன்னொருத்தர் வருடக்கணக்கில் போடுவார். யாருக்கு உறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஈரோடு வாசகன்
கடையில் பேசினேன். 48 அளவில் ஃபிரேம் இருக்கிறதாம், 1.60-க்கு மாற்றித் தருகிறார்கள், பாதி விலை நான் கட்ட வேண்டும். சனிக்கிழமை கண்மணித் தூரத்தை மறுபடி அளந்துவிட்டு ஆர்டர் கொடுக்கிறேன்.