அப்பாவின் மரண அறிவிப்பு: வாசகத்தைத் திருத்த உதவுங்கள்

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்)
அப்பா நேற்று, 11.3.2025 செவ்வாய் இரவு 9 மணிக்குத் தவறிவிட்டார். நாளை இறுதிச் சடங்கு. நாளைய பத்திரிகையில் வர இன்று மதியத்துக்குள் வாசகம் தர வேண்டும். தம்பி எழுதியது இது:

"கொடிய காலன் எங்கள் குலவிளக்கை அணைத்துவிட்டான்! நெஞ்சு வலியால் துடிதுடித்து, எங்களைக் கண்ணீர்க் கடலில் தள்ளிச் சென்ற எங்கள் தெய்வத்தின் இறுதிச் சடங்கு நாளை பிற்பகல்."

அம்மா இதைக் கேட்டதும் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார். மரியாதையாக, எளிமையாக எப்படி எழுதுவது?

பினாங்கு வாசகர்
எங்கள் பாட்டிக்கு நான்கு வரிக் கவிதை போட்டோம், எல்லாரும் பாராட்டினார்கள். நீங்களும் கவிதை போடலாமே.

பழைய துணையாசிரியர்
அது ஆண்டு நினைவஞ்சலிக்குச் சரி, ஐயா. இது மரண அறிவிப்பு. படிப்பவர் வீடு வந்து சேர வேண்டும்.

தங்கச்சி, முதலில் "நாளை" என்பதை எடுத்துவிடுங்கள். வியாழன் காலை பத்திரிகையைப் பார்ப்பவர் அதை வெள்ளி என்று நினைத்து, ஒரு நாள் கழித்து வந்து நிற்பார். தேதியும் கிழமையும் எழுதுங்கள். வலியில் துடித்ததும் வேண்டாம். அது குடும்பத்துக்குள் இருக்கட்டும். அப்பா என்ன வேலை பார்த்தார்?

தோட்டத்து மகள்
மண்டோர், தொழிலாளர்களை மேற்பார்க்கும் வேலை. தோட்டத்தில் எல்லாரும் "மண்டோர் அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஈப்போ தம்பி
பத்திரிகை என்றால் பெயர், வயது, தேதி போதும். மற்றதெல்லாம் வெட்டிவிடுங்கள்.

பழைய துணையாசிரியர்
பாதி சரி. ஆனால் தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனவர்களுக்கு அடையாள அட்டைப் பெயர் தெரியாது. மண்டோர் என்றால்தான் முகம் ஞாபகம் வரும். இப்படி எழுதுங்கள்:

"மரண அறிவிப்பு

சுங்கை சிப்புட், …… தோட்டத்தின் முன்னாள் மண்டோர் திரு. …… அவர்கள் (வயது ……) 11.3.2025 செவ்வாய்க்கிழமை இரவு 9 மணிக்கு இறைவனடி சேர்ந்தார்.

அன்னாரின் ஈமச்சடங்குகள் 13.3.2025 வியாழக்கிழமை பிற்பகல் 1 மணிக்கு, எண் ……, தாமான் …… இல்லத்தில் தொடங்கும். 2.30 மணிக்கு நல்லுடல் …… மின்சுடலைக்கு எடுத்துச் செல்லப்படும்.

பிரிவால் வாடும் மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்."

நேரங்களை மட்டும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தம்பியின் துக்கம் "பிரிவால் வாடும்" என்பதில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் இன்னொரு வரி சேர்த்தால் முகவரிக்கு இடம் சுருங்கும், எழுத்தும் பொடியாகிவிடும்.

தோட்டத்து மகள்
ரொம்ப நன்றி அண்ணா. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், தலையாட்டினார். தம்பி "தெய்வம்" என்ற சொல்லையாவது சேர்க்கச் சொல்கிறான். அப்புறம், கைப்பேசி எண் போடலாமா?

ஈப்போ தம்பி
வேண்டாம், மோசடிக்காரர்கள் அழைப்பார்கள்.

பழைய துணையாசிரியர்
வழி தெரியாமல் வருபவர் யாரைக் கேட்பார்? ஒரே ஓர் எண் போடுங்கள், அழுகையில் இருக்கும் தம்பியுடையது வேண்டாம். மருமகன் யாராவது எடுக்கட்டும். "தெய்வம்" வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் கிழமையையும் மணியையும் வேறு ஒருவரை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.