நாலு கேள்வியில் போனவனுக்கு என்ன எழுதுவது?

வைகைக்கரை:
நண்பன் மூன்றாவது முறையாக டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதினான். சான்றிதழ் பதிவேற்றப் பட்டியலில் அவன் எண் இல்லை. போனை எடுக்கவில்லை. ஒரு குறிப்பு அனுப்ப நினைக்கிறேன். எழுதி வைத்திருப்பது இது: "மச்சி, நாலு கேள்வியிலதான் போச்சு. அடுத்த தடவை கண்டிப்பா உனக்குத்தான்." எனக்கே சப்பென்று இருக்கிறது. எதை மாற்றுவது?

மூணாம்பெஞ்சு:
மாற்ற ஒன்றுமே இல்லை. 200 கேள்வியில் நாலு என்றால் வாசல் வரை போய்விட்டான். அந்த எண்ணைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது? அப்படியே அனுப்புங்கள்.

நூலகத்தடி:
அந்த வரியைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். நான் நாலு முறை எழுதி உள்ளே வந்தவன். மூன்றாவது முறை போனபோது இதே வரியை எட்டுப் பேர் அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் குத்தியது, ஏனென்றால் அது உண்மை இல்லை என்று தேர்வு எழுதியவனுக்குத் தெரியும். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். பத்து லட்சத்துக்கு மேல் எழுதுகிற தேர்வில், அந்த உயரத்தில் ஒவ்வொரு படியிலும் ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. நாலு கேள்வி என்பது நாலு படி. தரவரிசையில் அது எத்தனை ஆயிரம் பேர் என்று அவன் இணையத்தில் தன் முடிவுப் பக்கத்தில் பார்த்திருப்பான்.

"கண்டிப்பா" என்பதும் உங்கள் கையில் இல்லை. 2024 அறிவிப்பில் 6,244 இடங்கள், 2025 அறிவிப்பில் 3,935. இரண்டுமே பிறகு கூட்டப்பட்டன, ஆனால் எவ்வளவு கூடும் என்பது எழுதும்போது யாருக்கும் தெரியாது. அதே உழைப்புக்கு ஒரு வருடம் வேலை கிடைக்கும், இன்னொரு வருடம் கிடைக்காது. இது அவனுக்கு அத்துப்படி. அவனிடம் போய் உறுதி கொடுத்தால், உங்களுக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் நினைப்பான்.

அது இருக்கட்டும், நாலு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

வைகைக்கரை:
அவனுக்கு 153 சரி. அவனோடு படித்த, அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் 157க்குப் பட்டியலில் வந்திருக்கிறார். அதை வைத்துச் சொன்னேன்.

நூலகத்தடி:
அது ஒருவருடைய மதிப்பெண், எல்லைக்கோடு இல்லை. கோடு 154இலும் இருக்கலாம். பெண்களுக்கான ஒதுக்கீடு, தமிழ்வழி ஒதுக்கீடு எல்லாம் சேர்ந்தால் அதே பிரிவுக்குள்ளேயே கோடு மாறும். அதனால் அந்த நாலு என்ற எண்ணே உறுதியில்லாதது.

ஹையர்முடித்தவள்:
என் அனுபவம் சொல்கிறேன். நான் தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர் முடித்திருந்தேன். இளநிலை உதவியாளர் பணிக்கு என் மதிப்பெண் போதவில்லை, ஆனால் தட்டச்சர் பணிக்குக் கூப்பிட்டார்கள். அந்தத் தகுதி உள்ளவர்கள் குறைவு என்பதால் அங்கே கோடு கீழே இறங்கும். நண்பரை உடனே தட்டச்சில் சேரச் சொல்லுங்கள். குறிப்பில் இதைத்தான் எழுத வேண்டும்.

தெருமுனை:
அக்கா, நீங்கள் சொல்வது நல்ல யோசனை, ஆனால் இது துக்கம் கேட்கப் போன வீட்டில் வரன் பேசுகிற மாதிரி. ரெண்டு வாரம் கழித்துச் சொல்லலாம். என்னைக் கேட்டால் குறிப்பே வேண்டாம். அவன் வீட்டுக்குப் போங்கள், பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்தில் வருகிற ஆறுதல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேறு மாதிரி படிக்கும்.

ஹையர்முடித்தவள்:
சரி, அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் எனக்கு அன்றைக்கு யாராவது இப்படி ஒரு வழி சொன்னால் நன்றாக இருந்திருக்கும். எல்லாருக்கும் மௌனம் போதாது.

கீழவீதி:
எந்த மையத்தில் படித்தார்? மாதிரித் தேர்வு நன்றாக நடத்துகிற இடம் யாருக்காவது தெரியுமா? என் தங்கை ஆரம்பிக்கிறாள்.

நூலகத்தடி:
அதைத் தனியாகக் கேளுங்கள், கட்டாயம் சொல்கிறேன்.

வைகைக்கரை, தேர்வு முடிந்ததும் வினாத்தாளை அவன் வீட்டுக்கு எடுத்து வந்திருப்பானே, அதை நீங்கள் பார்த்தீர்களா?

வைகைக்கரை:
பார்த்தேன். தற்காலிக விடைக்குறிப்பு வந்த அன்றைக்கு டீக்கடையில் உட்கார்ந்து சேர்ந்தேதான் சரிபார்த்தோம். தமிழ் 100க்கு 84, பொது அறிவு 75க்கு 53, கணக்கு 25க்கு 16. போன முறை 90, 46, 13. தமிழில் ஆறு குறைந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நூலகத்தடி:
2025 ஜூலை தாளில் தமிழ்ப் பகுதி கடினம் என்று எழுதியவர்கள் பலரும் சொன்னார்கள். அந்த ஆறை வைத்து அவன் தன்னைக் குறை சொல்லக் கூடாது. கணக்கில் எந்த ஒன்பது போனது?

வைகைக்கரை:
இப்போதுதான் நினைவு வருகிறது. கணக்கைக் கடைசியில் வைத்திருந்தான். பதினாறு கணக்குகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுப் பார்த்திருந்தான். மிச்சம் ஒன்பதுக்குப் பக்கத்தில் ஓரம் வெள்ளையாக இருந்தது. கடைசி நேரத்தில், 12.25க்கு மேல், அவற்றுக்கு விடைத்தாளில் கண்ணை மூடிக் கறுத்தேன் என்றான். போட்டுப் பார்த்த பதினாறில் பதினாலு சரி. கறுத்த ஒன்பதில் இரண்டு.

நூலகத்தடி:
நாலு விடையில் ஒன்றை ஊகித்தால் ஒன்பதில் இரண்டு சரியாக வருவது இயல்பு. அப்படியென்றால் போன ஏழும் அவனுக்குத் தெரியாத கணக்கு இல்லை, அவன் தொடாத கணக்கு. நேரம் ஒதுக்கியதில் வந்த தவறு இது. பதினாறுக்குப் பதினாலு என்பது உங்கள் கண்ணால் பார்த்தது. சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள். அதை அவனால் மறுக்க முடியாது.

மூணாம்பெஞ்சு:
அப்போது நான் சொன்னதும் அதுதானே? எண் ஆறுதல் தரும்.

நூலகத்தடி:
அவன் செய்ததைக் காட்டுகிற எண் தரும். மற்றவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டுகிற எண் தராது.

தெருமுனை:
எனக்கு இன்னும் ஒப்பவில்லை. "நேரத்தைச் சரியாக ஒதுக்கியிருந்தால் கிடைத்திருக்கும்" என்றுதான் அவன் காதில் விழும். உள்ளே இருக்கிற கத்தியைத் திருப்புகிற வேலை.

நூலகத்தடி:
அந்த பயம் நியாயமானது. அதனால்தான் ஏழைப் பற்றி எழுத வேண்டாம், பதினாலைப் பற்றி மட்டும் எழுதச் சொல்கிறேன். அடுத்த தேர்வைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். எழுதுவதா நிறுத்துவதா என்பது அவன் முடிவு. மூன்று வருடம் வீட்டில் யார் செலவில் படித்தான் என்பது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தெரிந்த கணக்கு, நமக்கு இல்லை. இன்னொன்று, பதில் எழுத வேண்டிய கட்டாயத்தை அவன் மேல் வைக்காதீர்கள்.

வைகைக்கரை:
இப்படி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

"மச்சி, பட்டியலைப் பார்த்தேன். உன் எண் இல்லை. எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ரெண்டு நாள் எழுதவில்லை. டீக்கடையில் உன் வினாத்தாளைப் பார்த்தது மனதிலேயே நிற்கிறது. நீ போட்டுப் பார்த்த பதினாறு கணக்கில் பதினாலு சரி. போன வருடம் விகிதக் கணக்கைக் கண்டாலே பக்கத்தைத் திருப்புவாய். அடுத்து என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நூலக வாசலுக்கு வருகிறேன். படிக்க இல்லை, சும்மா. நீ வராவிட்டால் வீட்டுக்கு வருகிறேன்."

ஹையர்முடித்தவள்:
விகிதக் கணக்கு வரி நன்றாக இருக்கிறது. கூட இருந்தவர்தான் அதை எழுத முடியும். தட்டச்சைப் பற்றி அப்புறமாவது சொல்லுங்கள், தம்பி.

தெருமுனை:
"நூலக வாசல்" வேண்டாம். அவனோடு படித்து உள்ளே போனவர்கள் அங்கேதான் நிற்பார்கள். வேறு இடம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அதை நான் யோசிக்கவே இல்லை. ஆற்றுப் பாலம் என்று மாற்றி, இப்போதுதான் அனுப்பினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.