‘டிஸ்ட்ராக்டர்’: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

கலைவாணி:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புத் திறனறித் தேர்வுக்கான வினாத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐம்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். திருத்துபவருக்கென்று வினா எழுதியவர் தனிக் குறிப்பும் தந்திருக்கிறார். தவறான விடை மூன்றில் எது எப்படிப்பட்ட மாணவனை இழுப்பதற்காக வைக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. அந்த விடைகளைத்தான் டிஸ்ட்ராக்டர் என்கிறார். ‘தவறான விடை’ என்று போட்டுப் பார்த்தேன். மாணவன் குறித்துவிட்டு வரும் தவறான விடைக்கும் அதே பெயர் என்பதால் குறிப்பு குழம்புகிறது. வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

பிரபு:

கவனச்சிதறி. முடிந்தது.

முத்தையா:

தம்பி பிரபு, கவனம் சிதறுவது வாசலில் ஐஸ் வண்டி மணியடித்தால். இங்கே மாணவன் முழுக் கவனத்தோடுதான் தவறுகிறான். என் பரிந்துரை ‘கவர்விடை’. கவர்தல் என்றால் இழுத்தல். மரமும் வழியும் இரண்டாகப் பிரியும் இடத்துக்கும் கவர் என்று பெயர். இழுக்கவும் செய்யும், வழியைப் பிரிக்கவும் செய்யும். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறெங்கே தேடுவது? கவண், கவட்டை எல்லாம் இந்தக் குடும்பம்தான் என்பது என் துணிபு. வினாவை அறிவினா முதலாக ஆறாகவும் விடையைச் சுட்டு முதலாக எட்டாகவும் நன்னூல் பகுத்திருப்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். தேர்வில் கேட்பது அறிவினா, ஏனென்றால் கேட்பவருக்கே விடை தெரியும். அந்த எட்டில் தவறான விடைக்கு இடமே இல்லை என்பது...

சிவகௌரி (யாழ்ப்பாணம்):

ஐயா, ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒரு குற்றமும் அதே நன்னூலில் இருக்கிறது. :) கவர்விடை என்றால் என் பிள்ளைகள் கவர்ச்சியான விடை என்றுதான் விளங்கிக்கொள்ளுவினம்.

பிரபு:

மொழிபெயர்ப்பு வினாத்தாள் என்றதும் 2018 நீட் ஞாபகம் வருகிறது. சிறுத்தைக்குப் பதில் ‘சீத்தா’ என்று வந்ததே. 49 கேள்விகளில் பிழை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு நாலு பேர் பிழை திருத்திப் பார்ப்பது நல்லது.

அன்வர்:

பிரபு பேசுவது பிழையைப் பற்றி. பிழை கண்ணில் படும். கலைவாணி அம்மாவின் சிக்கல் வேறு. மொழிபெயர்ப்பு முழுக்கச் சரியாக இருந்தே கேள்வி கெட்டுப்போகலாம். நான் பத்து ஆண்டுகளாக வினா எழுதுகிறேன், அதனால் கேட்கிறேன்: வேதியியலில் ஆர்கான், கால்சியம் கேள்வி இருக்கிறதா? அதை எப்படித் தமிழாக்கினீர்கள்?

கலைவாணி:

இருக்கிறது, 14ஆம் கேள்வி. ‘ஆர்கானின் அணு எண் 18, கால்சியத்தின் அணு எண் 20. இரண்டின் நிறை எண்ணும் 40. இவை எவ்வாறு அழைக்கப்படும்?’ ஆங்கிலத்தில் விடைகள் ஐசோடோப், ஐசோபார், ஐசோடோன், ஐசோமர். நல்ல தமிழில் இருக்கட்டும் என்று இரண்டாவதைச் ‘சமநிறையணுக்கள்’ என்று போட்டேன்.

அன்வர்:

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கேள்வியில் ‘நிறை எண்’, விடையில் ‘சமநிறை’. பாடமே படிக்காத பிள்ளையும் அதைக் குறித்துவிடும். ஆங்கிலத்தில் நான்கும் ‘ஐசோ’ என்று ஒரே முகத்தோடு நிற்பதால்தான் மற்ற மூன்றுக்கும் இழுக்கும் வலு இருக்கிறது. உங்கள் தமிழில் மூன்றும் செத்துவிட்டன. பாடநூலில் உள்ளபடி ஐசோடோப்பு, ஐசோபார், ஐசோடோன் என்றே போடுங்கள். பிள்ளை வகுப்பில் பார்த்த சொல்லைத்தான் தேர்விலும் பார்க்க வேண்டும்.

முத்தையா:

அதாவது தமிழ் தெளிவாக இருப்பதே குற்றம் என்கிறீர்கள். ஐசோ என்றால் கிரேக்கத்தில் சமம், பாரோஸ் என்றால் எடை. கிரேக்கம் அறிந்தவனுக்கு அங்கேயும் விடை திறந்துதான் கிடக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

அன்வர்:

கற்பிக்கும்போது சாத்த வேண்டாம் ஐயா. ஒரே தாளை இரண்டு மொழியில் எழுதி ஒரே தரவரிசையில் நிற்கும்போது ஒரு பக்கம் மட்டும் கதவு திறந்திருந்தால் அது அநியாயம்.

சிவகௌரி:

எங்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே ஐசோடோப்புக்குச் சமதானி என்றுதான் பெயர். வகுப்பில் படித்த சொல்லைத்தான் போட வேண்டும் என்றால், அந்தச் சொல்லே விடையைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் என்ன செய்வது?

அன்வர்:

நல்ல கேள்வி. அங்கே மொழிபெயர்ப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை மாற்றும் உரிமை அவருக்கு இல்லை. கேள்வி எண்ணைக் குறித்து வினா எழுதியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பெயரைக் கேட்பதற்குப் பதிலாக அவர் வேறு எதையாவது கேட்பார்.

கலைவாணி:

சரி, 14 மாறிவிட்டது. அப்புறம் 27. மூன்று பொருள்களைச் சொல்லி, மின்சாரம் கடத்துபவற்றைக் கேட்கிறது. விடைகள்: ‘1 மட்டும்’, ‘1, 2’, ‘2, 3’, ‘மூன்றும்’. நான் ‘எவை’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்வர்:

‘எவை’ என்றதும் ‘1 மட்டும்’ அடிபட்டுப்போயிற்று. ‘எது’ என்றால் மற்ற மூன்றும் அடிபடும். ஆங்கிலக் கேள்விச்சொல் ஒருமை பன்மை காட்டாது, நம்முடையது காட்டிவிடும்.

முத்தையா:

‘கடத்தும்’ என்று செய்யும் என்னும் முற்றில் வைத்தால் ஒன்றன்பாலுக்கும் பலவின்பாலுக்கும் பொதுவாக நிற்கும். வினைச்சொல்லில் தமிழ் வழி வைத்திருக்கிறது. வினாச்சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே வினாச்சொல்லையே விட்டுவிடுங்கள்: ‘பின்வருவனவற்றுள் மின்சாரம் கடத்தும் பொருள்’ என்று நிறுத்தி, கீழே விடைகள். பொருள் என்பது பால்பகா அஃறிணைப் பெயர், ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொருந்தும்.

அன்வர்:

இது அருமை ஐயா. ‘எது/எவை’ என்று கோடு போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

கலைவாணி:

இன்னொன்று, 43. கடிகாரத்தின் மணி முள்ளும் நிமிட முள்ளும் ஒரு நாளில் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும்? விடைகள் 11, 12, 22, 24. மணிக்கு ஒருமுறை என்று நினைப்பவருக்கு வைத்தது 24. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பதினொன்றுதான், ஏனென்றால் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் சரியாகப் பன்னிரண்டில் ஒருமுறை மட்டுமே சேரும். அதனால் விடை 22. ஆனால் திருத்தும் குறிப்பில் ‘11-க்கும் மதிப்பெண் தரலாம்’ என்று இருக்கிறது. குழப்பம் வேண்டாமென்று தமிழில் ‘24 மணி நேரத்தில்’ என்று தெளிவாக்கிவிட்டேன்.

அன்வர்:

ஆங்கிலத்தில் ‘டே’ பகலாகவும் இருக்கலாம், முழு நாளாகவும் இருக்கலாம். அந்த இரட்டைப் பொருளுக்காகத்தான் 11-க்கும் மதிப்பெண். தமிழில் அதை அடைத்துவிட்டீர்கள், குறிப்பு மட்டும் பழையபடி நிற்கிறது. இனித் தமிழில் 11 எழுதியவன் பச்சையாகத் தவறியும் மதிப்பெண் வாங்குவான். ‘ஒரு நாளில்’ என்றே விட்டால் ஓரளவு சமம், நாள் என்றால் பெரும்பாலும் முழு நாள்தான் என்றாலும். அதையும் திருப்பி அனுப்புங்கள்.

சிவகௌரி:

சொல்லை மறந்துவிட்டோம். ‘மயக்குவிடை’ எப்படி? மயங்கவைத்தலும் நன்னூல் குற்றம்தான், ஆனால் வேண்டுமென்றே செய்தால் தேர்வு.

முத்தையா:

மயக்கு என்றால் மருத்துவமனை வாடை அடிக்கிறது. கவர்விடைதான்.

கலைவாணி:

புதன் இரவு. மயக்குவிடைக்கு மூன்று பேர், கவர்விடைக்கு ஒருவர். மயக்குவிடை என்றே போட்டுவிட்டேன். 43-க்கு வினா எழுதியவரிடமிருந்து பதில் வந்தது: அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டு வேறொன்று தருகிறாராம், அதுவும் தமிழாக்க வேண்டும். 14-க்கு ஐசோபார்தான்.

முத்தையா:

என் மாறுபாட்டைப் பதிவுசெய்கிறேன். கவட்டை பற்றித் தனி மடல் பின்னர்.

பிரபு:

கவனச்சிதறிக்கு ஒரு வாக்கு இருக்கிறதே, எண்ணவில்லையா?